பதினைந்து கிராம் பொட்டலம்

பினாங்கு ஸ்திரீட்டில் செட்டியார்கள் வட்டிக்கடை வைத்துத் தங்கும் கிட்டங்கியில் கால் வைத்ததுமே கார்த்திகேசு நின்றுவிட்டார். நாச்சியப்பன் செட்டியார் பாயில் உட்கார்ந்திருந்தார். வேட்டியெல்லாம் வியர்வையில் ஒட்டிக்கிடக்க, கை நடுங்க, எதிரே வந்தவரையெல்லாம் கன்னாபின்னாவென்று திட்டிக்கொண்டிருந்தார். பக்கத்துக் கட்டு ஆட்கள் சுவரில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"விரத நாளும் அதுவுமா தண்ணி ஏத்திட்டு வந்திருக்காருலா," என்றான் ஒருவன்.

கார்த்திகேசு ஆஸ்பத்திரி டிரெஸர், டாக்டருக்கு உதவியாக ஊசி போடுபவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலில் ஐஸ் பெட்டியில் இன்சுலின் எடுத்துக்கொண்டு ஊர் சுற்றிய சிலரில் ஒருவர். அன்று காலை ஏழரைக்குச் செட்டியாருக்கு ஊசி போட்டுவிட்டு, பரிசோதனைக்கு ரத்தம் எடுக்க இப்போது திரும்பியிருந்தார். மணி பத்தரை.

சமையல்கார ராமசாமி ஒரு குவளையை நீட்டியபடி நின்றார். பாகற்காய்ச் சாறு. செட்டியாருக்குச் சர்க்கரை ஏறிவிட்டது, அதுதான் ஆட்டம் என்று அவர் முடிவு கட்டியிருந்தார். காலையில் என்ன சாப்பிட்டார் என்று கார்த்திகேசு கேட்டார். ஒன்றுமில்லையாம், கார்த்திகை விரதம். ஊசி மட்டும் போட்டுக்கொண்டாராம்.

"ஊசி சோறு இல்லையே தம்பி, அதுனால விரதம் கெடாதுன்னுட்டாக," என்றார் ராமசாமி.

சாப்பாடு இல்லாமல் ஊசி போட்டதில் சர்க்கரை ஏறவில்லை, இறங்கிவிட்டது. டாக்டர் சொல்லியிருந்தது கார்த்திகேசுவின் நினைவில் ஓடியது: நூறு சி.சி. ரத்தத்தில் எழுபது மில்லிகிராமுக்குக் கீழே போனால் வியர்வை, நடுக்கம், படபடப்பு, பசி. ஐம்பத்து நாலுக்குக் கீழே போனால் புத்தி தடுமாறும், பிறகு மயக்கம், வலிப்பு. மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊற்ற முடியாது. மூச்சுக்குழலில் போய்விடும்.

பையிலிருந்து பொட்டலத்தை எடுத்தார். ஆய்வுக்கூடத் தராசில் நிறுத்துக் கட்டிய குளுக்கோஸ், சரியாகப் பதினைந்து கிராம். தண்ணீரில் கலக்கினார்.

"விழுங்குங்கண்ணே."

"விரதம்டா!"

"உசுரோட இருந்தா அடுத்த கார்த்திகைக்கு விரதம் இருப்பிய," என்று தாடையைப் பிடித்துக் குடிக்கவைத்தார். குடித்த கையோடு ரத்தமும் எடுத்தார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்து உட்கார்ந்தார். இனிப்புதான் வேண்டுமென்று புரிந்த ராமசாமி நெய் அல்வாவைக் கொண்டு வந்தார். நெய் இருந்தால் சர்க்கரை மெல்லத்தான் ஏறும் என்று கார்த்திகேசு அதைத் தள்ளினார். சிரித்தவர்கள் இன்னும் அங்கேயே நின்றது அவருக்கு அருவருப்பாக இருந்தது.

பதினைந்து நிமிடம். நடுக்கம் குறைந்திருந்தது, நிற்கவில்லை. இன்னொரு பொட்டலம். மறுபடி பதினைந்து நிமிடம். வியர்வை காய்ந்தது. செட்டியார் கண்ணை இடுக்கி, "கார்த்தி, நீ எப்ப வந்தே?" என்றார். இரண்டாவது முறை ரத்தம் எடுத்ததும், இனி சோறு போடுங்கள் என்று ராமசாமியிடம் சொன்னார்.

மத்தியானம் ஆய்வுக்கூடத்தில் முடிவு வந்தது. முதல் குழாய் நாற்பத்தாறு. இரண்டாவது தொண்ணூற்றொன்று. நாற்பத்தாறைப் பார்த்தபடி நின்றவருக்குக் கிட்டங்கிக்காரர்கள் மேலிருந்த வெறுப்பு தன் மேலேயே திரும்பியது. காலையில் ஊசியைக் குத்தினாரே தவிர, சாப்பிடுவீர்களா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறுநாள் ஏழரைக்குச் செட்டியார் கையை நீட்டினார். கார்த்திகேசு ஊசியை வெளியே எடுக்கவில்லை. ராமசாமி இலை விரித்து, இட்லியை ஆவி பறக்கச் செட்டியார் முன்னால் வைக்கும்வரை சும்மா நின்றுகொண்டிருந்தார்.