மழையளவு அனுப்பும் படம்

மீரியபெத்த மண்சரிவில் ஜெயந்தினியின் அண்ணன் குடும்பத்தோடு மண்ணுக்குள் போனான். அதைப் பற்றி அலுவலகத்தில் அவள் பேசுவதில்லை. மழைக்காலத்தில் லீவு மட்டும் கேட்கமாட்டாள்.

ஹாலிஎலையில், மண்சரிவு எச்சரிக்கை வேலை பார்க்கும் ஒரு சிறு தொண்டு நிறுவனத்தில் இருந்தாள். தோட்டங்களில் மழைமானி பார்க்கும் பெண்கள் அளவைக் கைபேசிச் செயலியில் அனுப்ப வேண்டும். அதற்கான வழிகாட்டிப் பக்கத்தை அவள்தான் எழுதினாள். எழுத்து மட்டும் போதாதென்று, தன் கைபேசியில் தானே செய்து திரையைப் பதிவெடுத்தாள். அதில் சில நொடிகளை மட்டும் நறுக்கி, சத்தமில்லாமல் திரும்பத் திரும்பத் தானாக ஓடும் ஜிஃப் படமாக்கிப் பக்கத்தில் வைத்தாள். விரல் தொடும் இடமெல்லாம் வெள்ளை வட்டம் தெரியும். மேலே தோட்டங்களில் சிக்னல் மந்தம் என்பதால் படத்தின் அகலத்தையும் நொடிக்கு ஓடும் படங்களின் எண்ணிக்கையையும் குறைத்துச் சிறிதாக்கினாள்.

பதிவின் தொடக்கத்தில், வரும்போது கறிக்கு லீக்ஸ் வாங்கிவரச் சொல்லித் தங்கை அனுப்பிய செய்தி திரையில் வந்து விழுந்திருந்தது. ஊருக்கெல்லாம் அது எதற்கு என்று அந்தத் துண்டை வெட்டிவிட்டாள். தோட்டப் பிரிவின் பெயரை அவள் விரல் தேர்ந்தெடுத்ததும் அந்த நொடிகளில்தான். பெயரைத் தொடச் சொல்லும் வரி பக்கத்தின் எழுத்தில் இருந்தது, படத்தில் இல்லை.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள், அலுவலகத் திரையில் மேற்பிரிவின் கட்டம் வெறுமையாகக் கிடந்தது. கீழ்ப்பிரிவுக்கு இரண்டு அளவுகள் வந்திருந்தன. பொறுப்பாளர் பரமலிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர்.

"மேல அளக்கேல்லைப் போல. பின்னேரம் பாப்பம், பிள்ளை" என்றார்.

தொழிலாளர் குடியிருக்கும் மேற்பிரிவு லயங்கள் சரிவின் காலடியில் இருக்கின்றன. ஜெயந்தினிக்கு இருப்புக் கொள்ளவில்லை. அங்கே அளவு பார்க்கும் ரெங்கம்மாவை அழைத்தாள். காலையிலேயே அனுப்பிவிட்டதாகவும் நூறு மில்லிமீட்டரைத் தாண்டியிருந்ததாகவும் அவர் சொன்னார். எந்தப் பெயரைத் தொட்டீர்கள் என்று கேட்டாள்.

"பேரு எதயும் தொடலீங்க மிஸ். நீங்க வச்ச படத்துல வெரலு எங்க போச்சோ, அங்கதாங்க நானும் தொட்டேன்."

பெயரைத் தொடாவிட்டால் செயலி பட்டியலின் முதல் பெயரையே எடுத்துக்கொள்ளும். அது கீழ்ப்பிரிவு.

"படத்த நான்தான் சார் பிழையா வெட்டிட்டேன்" என்றாள். பரமலிங்கம் தோட்டத்து ஆபீசின் எண்ணை அழுத்தி, மேற்பிரிவு லயங்களைக் காலி செய்யச் சொன்னார். இருட்டுவதற்குள் லயத்துச் சனம் பாடசாலைக்கு வந்து சேர்ந்தது. மழைக்குள் இழுத்தடிக்கிறார்கள் என்று ஆண்கள் முணுமுணுத்தார்கள். விடியுமுன் சரிவு இறங்கி, பின்வரிசை லயத்தின் குசினிகளை அடுப்போடு மூடியது.

அடுத்த நாள் ஜெயந்தினி கைபேசியில் செய்திகள் வருவதை நிறுத்திவிட்டு மறுபடி பதிவெடுத்தாள். பிரிவின் பெயரில் தொடங்கி வெட்டினாள். 'பதிவானது' என்ற கடைசித் திரை சற்று நின்ற பிறகே படம் மீண்டும் தொடங்கும்படி வைத்தாள். பக்கத்தில் ஏற்றுமுன் பாடசாலைக்குப் போய், எழுத்தைக் காட்டாமல் படத்தை மட்டும் ரெங்கம்மாவிடம் காட்டினாள். சேலையில் ஈர விரலைத் துடைத்துக்கொண்டு, அவர் முதலில் மேற்பிரிவைத் தொட்டார். பிறகு கையை எடுத்துவிட்டார்.

"அங்க இப்ப ஆளே இல்லீங்களே மிஸ். இன்னமும் அனுப்பணுங்களா?"

"அனுப்பணுங்க. மேல பெய்யிற மழைதானே கீழ எறங்குது" என்றாள் ஜெயந்தினி.