லோகநாயகி கேட்டு வாங்கிய கணக்கு

தப்பு குறைந்தவரை முதலில் எழுதும் பலகையில் ரூத்தின் பெயர் தன் பெயருக்கு மேலே இருந்ததைப் பார்த்தாலே லோகநாயகிக்கு வயிறு எரிந்தது. அது 2006, படூரில் ஒரு ஆபீஸ். ஸ்கேன் செய்த இன்சூரன்ஸ் படிவங்களை மென்பொருள் படித்துத் தரும். அதன் தப்புகளைத் திருத்துவது இவர்கள் இருவரின் வேலை. வாரந்தோறும் ஆளுக்கு நூறு படிவங்களைக் குலுக்கலில் எடுத்து, அவரவர் பக்கத்தில் உட்கார்ந்து சரிபார்ப்பவன் பிரவின்குமார். அவனுக்காகத்தான் லோகநாயகி தினமும் பூ வைத்துக்கொண்டு வந்தாள் என்பது அவனைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

படிவத்துக்கு இருபது கட்டங்கள். இரண்டாயிரம் கட்டங்களில் ரூத்துக்கு இருபது தப்பு, லோகநாயகிக்கு நாற்பது. ஒரு சதவீதம், இரண்டு சதவீதம்.

"என் நாப்பதும் நாலே ஃபார்ம்ல கீது. அவளுது இருபது ஃபார்ம்ல சிதறிக் கீது. ஒரு தப்பு இருந்தாலும் கிளையன்ட் ஃபார்மையே திருப்பி அனுப்புறான். இன்னா கணக்கு இது?" என்று அவனிடமே சண்டை போட்டாள்.

அவன் படிவங்களை எண்ணினான். இவளுக்கு நான்கு சதவீதம், ரூத்துக்கு இருபது. பலகையில் பெயர்கள் இடம் மாறின.

திங்கட்கிழமை புதுத் திட்டம் வந்தது. தப்பான படிவங்கள் குறைவாக இருப்பவரிடம் நூறுக்குப் பதில் இருபதைப் பார்த்தால் போதும். அதிகம் இருப்பவரிடம் ஒன்று விடாமல் பார்க்க வேண்டும்.

பிரவின்குமார் நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய் ரூத் பக்கத்தில் போட்டான். "உன் வேல சுத்தமா கீது லோகா. இனிமே உன்னாண்ட அவ்ளோவா வர வேணாம்" என்றான்.

அன்று மத்தியானமே லோகநாயகி தப்பு விட ஆரம்பித்தாள், படிவத்துக்கு ஒன்றாக.