கழிக்க வேண்டிய முள்

மோட்டார் காயில் கட்டுவதில் அவரை மிஞ்ச அந்த வட்டாரத்தில் ஆள் இல்லை. இது வாய்க்கு வந்தபடி சொல்வதல்ல, எந்த மில்லில் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம். ஊரே அவரைக் காயில்காரர் என்றுதான் கூப்பிட்டது. சொந்தப் பேரை ரேஷன் கார்டு மட்டும் வைத்திருந்தது. கூட்டிப் பெருக்குகிற வேலைக்கு அந்த ஷெட்டுக்குள் வந்தவர், எரிந்துபோன மோட்டார்களைப் பிரித்துப் பிரித்தே தொழிலைக் கற்றார். யாரும் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. சொல்லித் தந்தவன் என்று எவனும் உரிமை கொண்டாட முடியாது என்பதில் அவருக்குத் தனி மிதப்பு.

கம்பி எத்தனை சுற்று, இரும்பில் வெட்டியிருக்கிற எந்தக் காடியில் எந்த முனை என்பதெல்லாம் விரல்நுனியில். மோட்டார் ஓடும்போது உடம்பில் உள்ளங்கையை வைத்தால் போதும், உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுவார். ஆனால் காலம் மாறிவிட்டது. கையை நம்பி யாரும் சரக்கு எடுப்பதில்லை, கணக்குக் கேட்கிறார்கள். அதனால் ஷெட்டில் மரப்பெட்டி ஒன்றில் இரண்டு வாட்மீட்டர்கள் வந்து சேர்ந்தன. விற்க வந்த ஆள், அரவை மில்லுக்குப் போகவிருந்த ஒரு மோட்டாரை லோடில், அதாவது பாரம் கொடுத்து, ஓடவிட்டு ஒரே ஒருமுறை செய்து காட்டினான். மோட்டாருக்குப் போகிற மூன்று பேஸ் ஒயரில் இரண்டுக்கு ஆளுக்கொரு மீட்டர். மீட்டரின் கரண்ட் காயில் அந்தந்த ஒயரில், வோல்டேஜ் முனை மூன்றாவது ஒயரில். முதல் மீட்டர் எட்டாயிரத்து ஐந்நூறு, இரண்டாவது நாலாயிரம். கூட்டினால் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு வாட், அதுதான் மோட்டார் இழுக்கிற மொத்தப் பவர். மூன்று பேஸுக்கு ஏன் இரண்டே மீட்டர் என்று காயில்காரர் கேட்கவில்லை. கேட்டால் தெரியாதவன் என்று ஆகிவிடுமே. கூட்டு, அவ்வளவுதானே என்று பிடித்துக்கொண்டார்.

அன்றிலிருந்து அவர் பார்த்ததெல்லாம் லோடில் ஓடுகிற மோட்டார்கள். இரண்டு மீட்டரின் முள்ளும் முன்னால் போகும், அவர் கூட்டுவார். வேறு யாரையும் அந்தப் பெட்டியைத் தொட விட்டதில்லை.

ஷெட் அவருடையது இல்லை, தங்கை புருஷனுடையது. அந்த மனிதருக்குக் காயில் கட்டும் பகுதியை இழுத்து மூடிவிட்டுப் புது மோட்டார் விற்கும் கடையாக்கிவிட ஆசை. கண்ணாடிக் கதவு, குளிர்ந்த அறை, சுழல் நாற்காலி. மச்சானின் முகத்துக்காகப் பொறுத்திருந்தார். கடைசியில் ஒரு முடிவு சொன்னார். தண்ணீர் ஏற்றும் நிலையத்திலிருந்து பதினைந்து குதிரைசக்தி மோட்டார் ஒன்று வந்திருக்கிறது. அது நல்ல டெஸ்ட் கணக்கோடு திரும்பிப் போனால், அவர்களுடைய எல்லா மோட்டாரும் இங்கேதான் வரும், காயில் பெஞ்ச் இருக்கும். போகவில்லை என்றால் பெஞ்சைக் கழற்றிவிடுவேன். காயில்காரர் சிரித்துக்கொண்டே, மாப்பிள்ளை, கதவுக்குக் கண்ணாடி வாங்கிடாதீங்க, வீணாப் போயிடும் என்றார்.

அந்தப் பெஞ்சில் அவர் மட்டும் இல்லை. காடிக்குள் வைக்கிற காகிதத்தை வெட்டி மடிப்பது அவர் மனைவி. அவளைத் தவிர இன்னும் நாலு பேருக்கு அங்கேதான் அடுப்பு எரிந்தது.

பழைய காயிலை எடுப்பதில்தான் சறுக்கல். வார்னிஷ் கல்லாக இறுகிக் கிடந்தது. அடுப்பில் வைத்து மெதுவாகச் சுடவைத்து எடுக்க வேண்டும், அது இரண்டு நாள் வேலை. காயில்காரர் கேஸ் பிளேமைக் காட்டி ஒரே மூச்சில் எடுத்துவிட்டார். அளவுக்கு மீறிச் சூடு ஏறினால் இரும்புத் தகடுகளுக்கு நடுவே இருக்கிற மெல்லிய பூச்சு கருகிப்போகும். அப்புறம் தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கரண்டைத் தின்னும், தகடுகள் அடுக்கிய கோரே செத்ததற்குச் சமம். இதை அவரே மற்றவர்களுக்கு ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். எங்கே நிறுத்த வேண்டும் என்று தன் கைக்குத் தெரியும் என்ற தைரியம். இருந்தும் பிளேமை அணைத்த பிறகு தகட்டின் ஓரத்தில் லேசான நீல நிறத்தைப் பார்த்தார். பார்த்தது முதல் நெஞ்சில் ஒரு முள் இருந்தது.

புதுக் காயில் கட்டி, வார்னிஷ் காய்ந்து, மோட்டார் டெஸ்டுக்கு வந்தது. பம்பு தண்ணீர் நிலையத்தில் இருந்ததால் இங்கே லோடு போட வழியில்லை. லோடு இல்லாமலே ஓட்டி எவ்வளவு வாட் இழுக்கிறது என்று சொல்லுங்கள், கோர் எப்படி என்று அதிலேயே தெரியும் என்று நிலையத்துப் பொறியாளர் அம்மா கேட்டிருந்தார்.

ஸ்விட்சைப் போட்டார். மோட்டார் பூனை மாதிரி ஓடியது. நானூறு வோல்ட், ஒன்பது ஆம்ப்ஸ். முதல் மீட்டர் இரண்டாயிரத்து நூறு காட்டியது. இரண்டாவது மீட்டரின் முள் பூஜ்யத்துக்குக் கீழே போய் முளையில் முட்டிக்கொண்டு துடித்தது.

ஒயரை மாற்றிக் கொடுத்துவிட்டோம் என்று அவருக்கே தன்மேல் எரிச்சல். யாரும் பார்க்கவில்லையே என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தார். மோட்டாரை நிறுத்தி, அந்த மீட்டரின் கரண்ட் காயிலுக்குப் போகிற இரண்டு ஒயரையும் இடம் மாற்றி, மறுபடி ஓட்டினார். முள் ஒழுங்காக முன்னால் வந்து ஆயிரத்து ஐந்நூறில் நின்றது. கூட்டினார்.

மூவாயிரத்து அறுநூறு.

சும்மா ஓடுகிற மோட்டார் அத்தனை வாட் தின்றால் அது கோர் இல்லை, அடுப்பு. மனைவி கையில் காகிதக் கத்தியோடு வந்து மோட்டார்மேல் கை வைத்தாள்.

"சூடே இல்லையேங்க."

அவரும் வைத்தார். வெதுவெதுப்புகூட ஏறவில்லை. டீ வந்து, குடித்து, கிளாஸ் கழுவி வைக்கிற வரை ஓடவிட்டும் குளித்து எழுந்த உடம்பு மாதிரிதான் இருந்தது. மூவாயிரத்து அறுநூறு வாட் உள்ளே எரிந்தால் கை வைக்க முடியுமா? வேறொரு நாளாக இருந்தால், முள் கிடக்கட்டும், என் கை சொல்லுது என்று மார்தட்டியிருப்பார். அன்று நீல ஓரம் கண்ணுக்குள் நின்றது. பயந்தவன் கைக்கு ஏது பேச்சு. முள் சொன்னதுதான் சரி என்று முடிவு கட்டிவிட்டார்.

மறைத்திருக்கலாம். கூசாமல் ஒரு குறைந்த கணக்கைச் சொல்லி அனுப்புகிற பட்டறைகள் எத்தனையோ. அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை. தங்கை புருஷனிடம் போய், பிளேம் வைத்தேன், கோர் போய்விட்டது, மூவாயிரத்து அறுநூறு என்று நின்றபடியே சொன்னார். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. போனில் பொறியாளர் அம்மாவிடம் அந்த மூவாயிரத்து அறுநூறை மட்டும் சொன்னார். மீட்டர் பார்த்தது யார் என்று அந்த அம்மா கேட்க, காயில்காரரே என்றார். அவர் பார்த்தால் சரியாகத்தான் இருக்கும், பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள், புதிது வாங்கிக்கொள்கிறோம் என்று பதில் வந்தது. இத்தனை வருஷப் பேர் அன்று வந்து நின்ற இடம் அது.

வண்டி வந்து மோட்டாரை ஏற்றிக்கொண்டு போனது. அடுத்து பெஞ்சின் போல்ட்டுகளைக் கழற்றினார்கள். துருப்பிடித்த ஒரு போல்ட் அசையவில்லை. காயில்காரரே எண்ணெய் விட்டுத் தட்டிக் கழற்றிக் கொடுத்தார்.

தங்கை புருஷன் வழியாகவே வாங்கிய புது மோட்டார் பெட்டியோடு ஷெட்டில் வந்து இறங்கியது. அதே பதினைந்து குதிரை. வாங்கிக்கொள்ளப் பொறியாளர் அம்மாவே நேரில் வந்திருந்தார். ஒருமுறை ஓட்டிக் காட்டிவிடலாமே என்று தங்கை புருஷன் சொல்ல, மீட்டர் பெட்டி மறுபடி வெளியே வந்தது. காயில்காரர் முறையாக ஒயர்களைக் கொடுத்தார். இந்தத் தடவை ஒவ்வொரு முனையையும் இரண்டு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

முதல் மீட்டர் ஆயிரத்து எண்ணூற்று ஐம்பது. இரண்டாவது முள் பின்னால் போய் முட்டியது.

பழக்கத்தில் அவர் மோட்டாரை நிறுத்தி, ஒயரை இடம் மாற்றி ஓட்டினார். ஆயிரத்து முந்நூற்று ஐம்பது. மெதுவாக, யாரிடமோ கேட்பது போலச் சொன்னார்.

"மூவாயிரத்து இருநூறு வருது, மாப்பிள்ளை. புதுசும் எரிஞ்சு போச்சா?"

பொறியாளர் அம்மா எட்டிப் பார்த்தார்.

"மூவாயிரத்து இருநூறு இல்லண்ணே. ஒயரை மாத்தினீங்கல்ல, அந்த மீட்டரைக் கழிக்கணும். ஐந்நூறுதான்."

கூட்டத்தான் வேண்டும் என்று காயில்காரர் தலையை ஆட்டினார். அந்த அம்மா பொறுமையாகச் சொன்னார். பவர் ஃபேக்டர், அதாவது இழுக்கிற கரண்டில் வேலைக்குப் போகிற பங்கு, பாதிக்கு மேலே இருந்தால் இரண்டு முள்ளும் முன்னால் போகும், கூட்டலாம். சரியாகப் பாதியில் ஒரு மீட்டர் பூஜ்யத்தில் நிற்கும். பாதிக்குக் கீழே இறங்கினால் அது பின்னால் போகும். லோடு இல்லாத மோட்டாரில் ஃபேக்டர் எப்போதுமே பாதாளத்தில்தான், அதனால் ஒரு முள் பின்னால் போவதுதான் முறை. ஒயரை மாற்றுவது முள்ளைப் படிப்பதற்காக மட்டும், படித்த எண்ணைக் கழித்துவிட வேண்டும். சந்தேகம் வந்தால் வோல்டையும் ஆம்பையும் பெருக்கி, ஒன்று புள்ளி ஏழு மூன்று இரண்டால் பெருக்கிப் பார்க்கலாம். இந்தப் புதிதுக்கு நானூறு வோல்ட்டும் எட்டு ஆம்ப்ஸும், ஐயாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம். அதில் ஐந்நூறு வாட் என்றால் ஃபேக்டர் புள்ளி பூஜ்யம் ஒன்பது. சும்மா ஓடுகிற மோட்டாருக்கு அது சரியான கணக்கு.

சொல்லிக்கொண்டே வந்தவர், நினைவு வந்தது போல நிறுத்தினார்.

"அந்தப் பழைய மோட்டாருக்குத் தனித்தனியா என்னண்ணே காட்டுச்சு?"

காயில்காரருக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. இரண்டாயிரத்து நூறு, ஆயிரத்து ஐந்நூறு. கழித்தால் அறுநூறு. நானூறு வோல்ட், ஒன்பது ஆம்ப்ஸுக்கு அதுவும் புள்ளி பூஜ்யம் ஒன்பதுக்கு மேலே ஒரு துளி. கோர் தங்கம். காயில் தங்கம். கை சொன்னது சரி.

போனில் தானும் இரண்டு எண்ணையும் தனியாகக் கேட்டிருக்கலாமே என்கிற நினைப்பு அந்த அம்மா முகத்தில் ஓடியது. தங்கை புருஷன் புது மோட்டாரின் பிளாஸ்டிக் உறையை எடுத்து மடித்துக்கொண்டே இருந்தார், மடிக்க அதில் அவ்வளவு ஒன்றும் இல்லை.

காயில்காரர் சைக்கிளை எடுத்துக்கொண்டு பழைய இரும்புக் கடைக்குப் போனார். பின்னால் மனைவி உட்கார்ந்திருந்தாள். கடைக்காரன் அடையாளம் கண்டு மூலையைக் காட்டினான். உடம்பை உடைத்து, காயிலை வெட்டி இழுத்து, தகடுகளைச் சீட்டுக்கட்டு போலக் குலைத்துப் போட்டிருந்தான். அவர் கட்டிய கம்பி சுருள்கள் செம்பு நிறம் மாறாமல், வார்னிஷ் மினுக்கத்தோடு தராசுக்குப் பக்கத்தில் கிடந்தன. அவள் மடித்து வைத்த காகிதங்கள் சில இன்னும் கம்பியோடு ஒட்டியிருந்தன.

ஒரு தகட்டை எடுத்துத் திருப்பினார். ஓரத்தில் அந்த நீலம், நகக்கண் அளவுக்குத்தான். பூச்சு அப்படியே இருந்தது.

"எடை போட்டாச்சுண்ணே. வேணும்னா அதை எடுத்துக்கங்க," என்றான் கடைக்காரன்.

எடுத்து என்ன செய்வது. திரும்பப் போட்டார். தகட்டுக்குத் தகடு உரசிய சத்தம் கேட்டது.

இப்போது அங்கே கண்ணாடிக் கதவு இருக்கிறது. பெஞ்ச் இருந்த இடத்தில் புது மோட்டார்கள் வரிசையாக நிற்கின்றன. நாலு பேரும் நாலு பக்கம் போய்விட்டார்கள். காயில்காரருக்குத் தங்கை புருஷன் ஒரு நாற்காலி கொடுத்திருக்கிறார். வாங்க வருகிறவர்களுக்கு மோட்டாரை ஓட்டிக் காட்டுவதுதான் வேலை. இரண்டாவது முள் பின்னால் போகும். நிறுத்தி ஒயரை மாற்றுவார். வந்தவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கேட்காமலே, இதைக் கழிச்சுக்கணும் என்று சொல்வார். சொல்லிவிட்டு உள்ளங்கையை மோட்டார்மேல் கொஞ்ச நேரம் வைத்திருப்பார்.