நாலாவது தட்டு

புனே கேம்ப் பகுதிப் பள்ளி ஒன்றில் இரண்டாம் வகுப்புக்கு நான் பாட்டு டீச்சர். முதலில் தாளத்துக்கு நடப்பது, பிறகு கைதட்டிப் பாடுவது, கடைசியில்தான் குலுக்குவதற்கு ராஜ்மா பயறு போட்ட பிளாஸ்டிக் பாட்டில்களைக் கையில் தருவது. இதுதான் என் பாடத்திட்டம். மூன்று தட்டுக்கு ஆட்டிவிட்டு நாலாவதில் நிறுத்த வேண்டும். அன்று ஒருவரும் நிறுத்தவில்லை. நாலாவதுக்குப் பாட்டிலை நெஞ்சோடு கட்டிக்கொள்ளும்படி இந்தியில் சொன்னேன். நாலாவது தட்டு அடங்கியது.

பக்கத்து வகுப்புக் கணக்கு டீச்சரும் தமிழ்தான். வாசலில் வந்து நின்றார்.

"அங்க வாய்ப்பாடு நடக்குது. உங்க சத்தம்தான் கேக்குது."

"சத்தம் இல்ல, தாளம்," என்றேன் எரிச்சலோடு.

பாட்டு முடியும்வரை பார்த்துவிட்டுப் போனார்.

சற்று நேரத்தில் சுவருக்கு அப்பாலிருந்து குழந்தைகளின் குரல் கேட்டது. டூ, டூஸா, ஃபோர். நாலாவது தட்டுக்கு மௌனம். டூ, த்ரீஸா, சிக்ஸ். மறுபடி மௌனம்.