வெளியே எடுத்த அட்டை

முன்பு நான் வேலை பார்த்தது, ராயபுரத்தில் கன்டெய்னர் யார்டுகளுக்கு மென்பொருள் எழுதும் சின்ன ஆபீஸில். இரண்டு வாரத்து வேலைகளை அட்டைகளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டுத்தான் ஆரம்பிப்போம். ஒருமுறை பாதியில் யார்டு மேனேஜர் ஓடி வந்தார். சுங்கத்துக்கு அனுப்பும் பட்டியலின் வடிவம் மாறிவிட்டதாம். உடனே சரி செய்யாவிட்டால் பெட்டிகள் நகராது.

"அதையும் சேத்துக்கினு செய்ங்க," என்றார்.

"முடியாது சார். ஒண்ணு உள்ள வந்தா ஒண்ணு வெளிய போவணும்," என்றார் வேலைகளை முடிவு செய்யும் அக்கா.

புது வேலைக்கு ஈடான அளவில், இன்னும் யாரும் தொடாமல் இருந்தது ஒரே அட்டைதான். லாரி டிரைவருக்கு அவர் முறை நெருங்குவதை எஸ்.எம்.எஸ்.ஸில் சொல்லும் வேலை. நான் கெஞ்சிக் கேட்டுச் சேர்த்தது. யார்டுக்குள் போக எண்ணூர் சாலையில் நிற்கும் லாரி வரிசையில் என் நைனாவும் தன் லாரியோடு நிற்பார். வீடு பக்கத்தில் திருவொற்றியூரில்தான். ஆனாலும் வரிசை நகர்ந்துவிடுமோ என்று சாப்பிடக்கூட வரமாட்டார்.

எரிச்சலோடு அந்த அட்டையைச் சுவரிலிருந்து பிய்த்துக் கொடுத்தேன். எது உள்ளே, எது வெளியே, ஏன், யார் ஒப்புக்கொண்டது என்று அக்கா அதன் மேலேயே எழுதி, மேனேஜரிடம் கையெழுத்தும் வாங்கினார். அடுத்த முறை சுவரில் முதலில் ஏறியது அதுதான். பிறகு ஒரு மதியம், போனைத் தட்டருகே வைத்துக்கொண்டு நைனா வீட்டில் மீன்குழம்பு சாப்பிட்டார்.

இப்போதைய கம்பெனியில் அவசரம் என்றால் சேர்க்க மட்டுமே தெரியும். எது வெளியே போனது என்று எவனும் எழுதுவதில்லை.

ராத்திரியானால் நைனாதான் ஆபீஸில் இருக்கும் என்னைப் போனில் கேட்கிறார்: "சாப்ட எப்பம்மா வருவ?"