சரிங்க என்றால் சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை

எங்கள் வீட்டு இன்டர்நெட் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தால் மருமகளுக்கு வேலை ஓடாது. அமெரிக்க ஆஸ்பத்திரி பில்களை வீட்டிலிருந்தே சரிபார்க்கிற உத்தியோகம் அவளுக்கு. அந்த மாதம் அந்தச் சிவப்பு விளக்கு எங்கள் சாமி விளக்கைவிட ஒழுங்காக எரிந்தது.

எனக்கு எல்லார் மேலும் சந்தேகம். முதலில் அணில் ஒயரைக் கடிக்கிறது என்று நினைத்தேன். பிறகு மாடி வீட்டுக்காரர் எங்கள் லைனை உறிஞ்சுகிறாரோ என்று அவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால், மதியம் தூக்கம் கண்ணைச் சுழற்றும்போது மருமகளே பிளக்கைப் பிடுங்கிவிடுகிறாளோ என்றுகூடத் தோன்றியது.

அவளுடைய டீம் லீடருக்கும் அதே சந்தேகம். கோளாறு இன்டர்நெட் கம்பெனியுடையதுதான் என்று அந்தக் கம்பெனியே எழுதித் தரவேண்டும், இல்லாவிட்டால் அடுத்த மாதத்திலிருந்து தினமும் ஆபீசுக்கு வரவேண்டும் என்று சொல்லிவிட்டாராம். போனால் கைக்குழந்தையை என்னிடம்தான் விட்டுப் போகவேண்டும். அதைக் கேட்டதும் மருமகள் முகம் வாடிப்போனது. ஆபீஸ் தூரமென்றா, ஆள் நானென்றா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அந்த நேரத்தில் இன்டர்நெட் பில் வந்தது. ஒரு ரூபாய் குறையவில்லை. ஊரான் பில்லில் தப்புக் கண்டுபிடிப்பவள் தன் பில்லை விடுவாளா? ஒவ்வொரு தடவையும் கொடுத்த புகார் நம்பரைப் போட்டு, நிகழ்ந்ததை எழுதி, இணைப்பு ஓடாத நாட்களின் வாடகையைக் கழிக்கச் சொல்லிக் கம்பெனிக்குக் கடிதம் அனுப்பினாள்.

பதில் ரொம்ப மரியாதையாக வந்தது. எல்லாப் புகாரும் மறுநாளே தீர்க்கப்பட்டு, வாடிக்கையாளர் ஒப்புதலோடு மூடப்பட்டதாம். கோளாறு மூன்று நாளைத் தாண்டினால்தான் வாடகை கழியுமாம். ஆகவே பில் சரியாம்.

"மறுநாளே மூடிப்போட்டா மூணு நாள் எப்படி அத்தை தாண்டும்?" என்றாள் மருமகள். கேட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். ஒப்புதல் கொடுத்தது நான்தான் என்று நினைப்பு. நான் என் மகனைப் பார்த்தேன். கனெக்‌ஷன் அவன் பெயரில், போன் நம்பரும் அவனுடையது.

அவன் சிங்காநல்லூரில் லேத் பட்டறை வைத்திருக்கிறான். சாயங்காலம் வந்தவனை, கையில் இருந்த கிரீஸைக் கழுவக்கூட விடாமல் நிறுத்திக் கேட்டோம். அப்படி எதுவும் சொல்லவில்லை என்று சத்தியம் செய்தான். சத்தியத்தை நம்புகிற வீடா எங்களுடையது? அவன் போன் வருகிற பேச்சையெல்லாம் தானாகப் பதிந்து வைக்கும். மருமகள் அதை வாங்கிப் போட்டுக் காட்டினாள்.

லேத் இரைச்சலுக்கு நடுவே ஒரு பெண் குரல், தேனாட்டம்: "ஆள் அனுப்பியிருக்கோம் சார், இன்னைக்குப் பாத்துருவாங்க."

என் மகன்: "சரிங்க."

அடுத்ததும் அப்படித்தான். அதற்கடுத்ததில் "சரிங்க, சரிங்க, வெச்சுடறேனுங்க" என்று தாராளமாக இருந்தது.

"ஏனுங்க, இந்தச் சரிங்கவ வெச்சுத்தான் மூடியிருக்கறாங்க," என்றாள் மருமகள். அவன், மரியாதைக்குச் சொன்னதுக்கெல்லாமா கணக்கு வைப்பார்கள் என்று முனகினான்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "உங்க மாமனாரும் நான் எதைச் சொன்னாலும் சரி அம்மணீம்பாரு, கண்ணு. அதுல ஒண்ணாச்சும் நடந்துருக்குதா?"

மருமகள் சிரிக்கவில்லை. கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு இரண்டாவது கடிதம் எழுத உட்கார்ந்தாள். என் பேச்சைத்தான் வெள்ளை வேட்டி கட்டிவிட்டு எழுதியிருந்தாள்: 'எங்கள் பகுதியில் சரிங்க என்பது கேட்டுக்கொண்டேன் என்பதற்கான மரியாதைச் சொல். பழுது நீங்கியது என்பதற்கான ஒப்புதல் அல்ல.' பதிவுகளையும் கூடவே அனுப்பினாள். பழுது நீங்கிவிட்டதா என்று எந்தப் பதிவிலும் ஒருவரும் கேட்கவே இல்லை என்பதையும் எழுதினாள். மகன், மருமகள் இரண்டு பேர் மேலும் இருந்த சந்தேகத்தை எடுத்து நான் அந்தத் தேன் குரல் மேல் வைத்தேன்.

மாதம் முடிவதற்குள் லைன்மேன் வந்தார். அடுத்த வீதிக் கம்பத்தில் இருந்த பழைய இணைப்பைக் கழற்றிவிட்டுப் புது ஒயர் இழுத்தார். பின்னாலேயே கடிதமும் வந்தது. புகார்கள் தவறாக மூடப்பட்டனவாம், எல்லாம் ஒரே கோளாறுதானாம், அது தங்கள் ஒயரில்தானாம், வாடகையைக் கழிக்கிறார்களாம். அணிலிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டேன். மாடி வீட்டுக்காரரிடம் இன்னும் கேட்கவில்லை.

மருமகள் அந்தக் கடிதத்தை டீம் லீடருக்கு அனுப்பிவிட்டுப் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதில் வந்தது.

"சரின்னு போட்டிருக்காங்க, அத்தை."

"எந்தச் சரி, அம்மணி?"

அவள் முகம் மாறியது. உடனே திரும்ப எழுதினாள்: வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாமா, ஆமாமா இல்லையா என்று. 'ஆமாம்' என்று வந்த பிறகுதான் என் மடியிலிருந்த குழந்தையை வாங்கிக்கொண்டாள்.