சென்றாயனின் போன்

எருமப்பட்டி கடைவீதியில், முட்டை மண்டிக்கு மேலே உள்ள ஒற்றை அறையில் மணியன் குடியிருக்கிறார். ஒரு நாளிதழின் சேலம் பதிப்புக்குப் பகுதிநேர நிருபர். ஐம்பதை நெருங்குகிறார், கல்யாணம் ஆகவில்லை. அப்பா செத்தபோது மொட்டை போட மாட்டேன், கொள்ளிச் சட்டி தூக்க மாட்டேன், ஆனால் கடைசி வரைக்கும் சோறு ஊட்டியவன் நான்தான் என்று சொல்லிவிட்டு நின்றார். சோறு ஊட்டியது அண்ணனுக்கு மறந்துபோயிற்று, மொட்டை போடாதது மறக்கவில்லை. அன்றிலிருந்து அந்த வீட்டு விசேஷம் எதற்கும் மணியனுக்கு அழைப்பிதழ் வருவதில்லை.

அவருக்கென்று இருந்த ஒரே கூட்டம் வாட்ஸ்அப் குழுதான். வட்டாரத்து நிருபர்கள் எல்லோரும் அதில் உண்டு. யாராவது ஒருவர் சம்பவ இடத்துக்குப் போவார், எழுதிக் குழுவில் போடுவார், மற்றவர்கள் அதையே தங்கள் பத்திரிகைக்கு அனுப்பிவிடுவார்கள். பெட்ரோல் மிச்சம், வெயிலும் மிச்சம். குழுவை நடத்துபவர் மூத்த நிருபர் சுப்பையன். காவல் நிலையத்தில் அவர் போன் செய்தால் எடுப்பார்கள். தீபாவளிக்கு எல்லோரையும் சேர்த்து பிரியாணி போடுவதும் அவர்தான். மணியன் ஆண்டு முழுவதும் ஆள்களோடு உட்கார்ந்து சாப்பிடுவது அந்த ஒரு வேளைதான்.

கரட்டுப்புதூர்க் கிணற்றில் இரண்டு பேர் செத்த செய்தியும் அப்படித்தான் போயிற்று. தூர் வார, டீசல் எஞ்சினைக் கிணற்றுக்குள்ளேயே இறக்கி ஓட்டித் தண்ணீர் இறைத்திருக்கிறார்கள். அந்தப் புகை அடியில் தேங்கி நின்றது. முதலில் இறங்கிய கூலியாள் மயங்கி விழுந்தார். அவரைத் தூக்கப் போன, பக்கத்துக் காலனியைச் சேர்ந்த சென்றாயனும் மேலே வரவில்லை. மறுநாள் பிரேதப் பரிசோதனை, அதற்கு மறுநாள் தோட்டக்காரர் மீது வழக்கு, அதிகாரிகள் ஆறுதல். பிறகு செய்தி அடங்கிவிட்டது.

ஐந்தாறு நாள் கழித்து சேலத்திலிருந்து ரஞ்சனி கூப்பிட்டாள். மாவட்டப் பக்கத்தைப் பார்க்கும் உதவி ஆசிரியர். வாரக் கடைசிக்கு ஒரு ஃபாலோ-அப் வேண்டும் என்றாள்.

"பழசையே சூடு பண்ணித் தராதீங்க அண்ணா. 'சோகத்தில் மூழ்கிய கிராமம்'னு வந்தா தூக்கிப் போட்டுருவேன். நடந்து முடிஞ்சது எல்லாருக்கும் தெரியும். இன்னிக்கு என்ன நடக்குது? அதைச் சொல்லுங்க."

குழுவில் அதற்கு விடை தயாராக இருந்தது. கிணறு இரண்டு பேரை வாங்கிவிட்டதாம், மூன்றாவது ஆளைக் கேட்கிறதாம். வெள்ளிக்கிழமை கிடா வெட்டிப் பரிகார பூஜையாம். சுப்பையன் படத்தோடு எழுதிப் போட்டிருந்தார். மணியனுக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. இரண்டு பேரைக் கொன்றது எஞ்சின் புகை. அதைக் கிணற்றின் பசி என்று அச்சடித்தால், எஞ்சினை உள்ளே இறக்கச் சொன்னவனுக்கு அதைவிட வசதி வேறென்ன?

அன்று மத்தியானம், சம்பவத்துக்கு மறுநாள் வந்த பத்திரிகைகளைக் கட்டிலின் மேல் பரப்பினார். இதுவரை என்னென்ன வந்துவிட்டது என்று தெரிந்தால்தானே எது வரவில்லை என்று தெரியும். எல்லாவற்றிலும் ஒரே வரி இருந்தது: 'காப்பாற்றுவதற்காகத் தானாக இறங்கிய சென்றாயனும் பலியானார்.' அவருடைய பத்திரிகையிலும் அதே வரி, அதே 'தானாக'. குழுவில் வந்ததை அத்தனை பேரும் அப்படியே அனுப்பியிருக்கிறார்கள். சென்றாயனின் காலனிக்கும் அந்தக் கிணற்றுக்கும் நடுவே முக்கால் மைல் சோளக்காடு. அங்கே இருந்த மனிதனுக்கு இங்கே ஒருவர் மயங்கி விழுந்தது எப்படித் தெரிந்தது? அதை யாரும் கேட்கவில்லை.

மறுநாள் காலை தன் மொபெட்டில் காலனிக்குப் போனார். சென்றாயனின் மனைவி அத்தாயி வாசலில் ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தார். மகன் கலையரசன் நாமக்கல்லில் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறையில் வெல்டிங் வேலை செய்கிறவன். லீவு போட்டு வீட்டில் இருந்தான். பத்திரிகைக்காரர் என்றதும் அவன் முகம் இறுகியது. அழுகிற படம் எடுக்க ஏற்கெனவே நாலு பேர் வந்து போயிருந்தார்கள். மணியன் போனை வெளியே எடுக்காமல், தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். பிறகு ஒன்றை மட்டும் கேட்டார்.

"அன்னிக்கு அவருக்கு எப்படிங்கம்மா தெரிஞ்சுது?"

"ஊருக்குள்ளருந்து போன் வந்துதுங்க. சோத்துல கை வெச்சிருந்தாரு. அப்படியே வெச்சுப்போட்டு எந்திரிச்சுப் போனாரு."

"தானாப் போனாருன்னு எழுதியிருக்காங்களே?"

அத்தாயி தழைக்கட்டைக் கீழே போட்டார். "ஏனுங்க சாமி, முப்பது வருசமா இந்த வட்டாரத்துல கெணத்துல, குட்டையில எந்தப் பொணம் முதந்தாலும் அவரைத்தான் கூப்புடுவாங்க. போலீஸு கூப்புடும், தலையாரி கூப்புடுவாரு. மேல கொண்டாந்து போட்டதும் தள்ளி நின்னுக்கடாம்பாங்க. இது தானாப் போறதுங்களா?"

பேச்சு முடியவில்லை, உள்ளே போன் அடித்தது. சுவர் அலமாரியில் சாமி படத்துக்குப் பக்கத்தில் சார்ஜில் கிடந்த பழைய பட்டன் போன். சென்றாயனுடையது. அத்தாயி அசையவில்லை. நின்றது. மறுபடி அடித்தது. கலையரசன் போய் எடுத்தான். அந்தச் சின்ன வீட்டில் எதிர்முனைக் குரல் எல்லோருக்கும் கேட்டது. தலையாரி. கல்குவாரிக் குட்டையில் ஒரு பிணம் மிதக்கிறது, அப்பன் இல்லாவிட்டால் என்ன, நீ ஒரு எட்டு வந்துவிட்டுப் போ.

கலையரசன் தரையைப் பார்த்தபடி சொன்னான்: "வாரேனுங்க."

மணியன் கேட்க வந்ததற்கு விடை தன் கண்ணெதிரே நடப்பதைப் பார்த்தார். செத்தவனின் வேலைக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

கலையரசன் பைக் சாவியைத் தேடினான். அது அத்தாயியின் கைக்குள் இருந்தது.

"குடும்மா. போகலைன்னா நாளைக்கு ஊருக்குள்ள ஒண்ணுன்னா எவனும் வர மாட்டான்."

"உங்கப்பனுக்கு எவன்டா வந்தான்?" என்றார் அத்தாயி. குரலை உயர்த்தவில்லை. சாவியை மடியில் செருகிக்கொண்டு ஆட்டுப் பக்கம் போய் நின்றுவிட்டார். போன் மறுபடி அடித்தது. இந்த முறை யாரும் எடுக்கவில்லை.

மணியன் குவாரிக்குப் போனார். வெகுநேரம் தலையாரியும் இரண்டு போலீஸ்காரர்களும் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆள் வரப்போவதில்லை என்று உறுதியான பிறகு யாரோ தீயணைப்பு நிலையத்துக்குப் பேசினார்கள். வண்டி வந்தது. ஒருவர் மிதவைச் சட்டை போட்டு, இடுப்பில் கயிறு கட்டி இறங்கினார். மேலே நாலு பேர் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு டீ ஆறுவதற்குள் வேலை முடிந்தது. கிணறாக இருந்தால் மூச்சுக் கருவியும் வண்டியிலேயே இருக்கிறது என்று காட்டினார்கள். பிணம் எடுக்க எங்களை அநேகமாகக் கூப்பிடுவதில்லை, உள்ளூரிலேயே முடித்துக்கொள்வார்கள் என்றார் நிலைய அலுவலர். அதைப் பெயர் போட்டு எழுதிக்கொள்ளலாமா என்று மணியன் கேட்க, எழுதிக்கொள்ளுங்கள் என்றார்.

தலையாரியையும் தனியாகப் பிடித்தார். தான் நிருபர், கேட்பதை எழுதப் போகிறேன் என்று சொல்லிவிட்டே கேட்டார். ஏன் அந்தப் பையனைக் கூப்பிட்டீர்கள்?

"அவங்கதானுங்களே எப்பவும் எறங்குவாங்க," என்றார் தலையாரி. அவருக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. 'அவங்க' என்ற சொல்லில் அவர் சங்கடப்பட எதுவும் இருக்கவில்லை. தண்ணீரும் பிணமும் சாதி பார்ப்பதில்லை, இறக்கிவிடுகிற கைதான் பார்க்கிறது. கிணற்றடியில் நிற்கிற ஊர் மொத்தமும் அதைப் பார்த்துக்கொண்டேதான் நிற்கிறது.

சாயங்காலம் காவல் நிலையத்திலும் கேட்டார். சென்றாயன் அவராக ஆர்வத்தில் வருவார், நாங்கள் வற்புறுத்தியதில்லை என்றார்கள். அதையும் எழுதிக்கொண்டு, திரும்பவும் காலனிக்குப் போனார். கலையரசன் பெயரைப் போடலாமா என்று கேட்டார். மகன் தயங்கினான். வேண்டாம், அவன் பெயர் இல்லாமலே எழுதுகிறேன் என்றார் மணியன்.

"எம் பேரைப் போடுங்க. அவரு பேரைப் போடுங்க," என்றார் அத்தாயி. "அந்தப் போன் அடிக்கறது நிக்கோணும். அவ்வளவுதானுங்க."

அறைக்கு வந்து எழுதினார். முதல் வரியில் கிணறு இல்லை, போன்தான் இருந்தது: இறந்தவரின் எண்ணுக்கு அழைப்பு வருகிறது, மகனை வரச் சொல்கிறார்கள். அடுத்துக் குவாரியில் நடந்தது. பிறகு தலையாரி சொன்னது, போலீஸ் தரப்பு. படித்துவிட்டு ரஞ்சனி கூப்பிட்டாள்.

"கிணத்துச் சம்பவத்தை மூணாவது பாராவுல ரெண்டு வரியில வெச்சிருக்கேன். மறந்தவங்களுக்கு அது போதும். போனை நீங்களே கேட்டீங்களா, அவங்க சொன்னதா?"

"நானே கேட்டேன்மா."

"அந்த 'தானாக' நம்ம பேப்பர்லயும் வந்துச்சே அண்ணா."

"வந்துச்சு. தப்புன்னு ஒரு வரி அதுலயே போடு."

போடுகிறேன் என்றாள்.

சுப்பையனுக்கு எப்படியோ தகவல் போயிருந்தது. அச்சுக்குப் போகும் முன்பே கூப்பிட்டார். கோபமாகக்கூடப் பேசவில்லை.

"மணியா, பூஜை செய்தியைப் போட்டுட்டுப் போயிருக்கலாம்ல? ஸ்டேஷன்ல நாளைக்கு நம்மளுக்கு ஒரு விவரம் சொல்லுவானா? பத்துப் பேரு பொழப்பு இது. நிறுத்தச் சொல்லு."

"பூஜையில வெட்டற கிடாயைவிட அந்தப் பையன் உசுரு மட்டமாப் போச்சா?" என்று கேட்டார் மணியன். சுப்பையன் போனை வைத்துவிட்டார்.

செய்தி ஞாயிற்றுக்கிழமை நாலு பத்தியில் வந்தது. மணியன் கடைவீதியில் வாங்கிப் படித்தார். குழுவைத் திறந்தால், சுப்பையன் அவரை நீக்கிவிட்டதாக ஒரு சாம்பல் நிற வரி. யாரும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. சொல்லியிருந்தாலும் இனி அவருக்குத் தெரியாது. திங்கட்கிழமை காவல் நிலையத்தில் எழுத்தர், ஐயா வெளியே போயிருக்கிறார் என்றார். ஐயா ஜன்னலுக்குள் டீ குடித்துக்கொண்டிருந்தார். டீக்கடையில் வழக்கமான பெஞ்சில் இருந்த இருவர், இவர் உட்காரவும் எழுந்து போனார்கள். செவ்வாய், புதன் என்று போயிற்று. கீழே மண்டியில் முட்டை அட்டைகளை அடுக்கும் சத்தம் தவிர அறையில் வேறு சத்தமில்லை. சோற்றை வடித்தார், தின்றார், பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தார். போன் மேசை மேல் கிடந்தது.

வியாழக்கிழமை மத்தியானம் அது அடித்தது. திரையில் 'சென்றாயன்' என்று வந்தது. காலனியிலிருந்து திரும்பும்போது அவர்தான் அந்த எண்ணை அப்படிப் பதிந்துவைத்திருந்தார். ஒரு கணம் எடுக்கக் கை வரவில்லை.

"நாந்தானுங்க சாமி, அத்தாயி. பையன் பட்டறைக்குப் போய்ட்டான். உங்களுக்கு ஒண்ணும் சிரமமில்லீங்களே?"

"இல்லீங்கம்மா. சொல்லுங்க."

"இந்தப் போன் நாலு நாளா அடிக்கவே இல்லீங்க. கெட்டுக்கிட்டுப் போச்சோன்னு பாக்கறேன். நீங்க ஒருக்கா போட்டுப் பாக்கறீங்களா?"

மணியன் வைத்துவிட்டு, அந்த எண்ணுக்குப் போட்டார். மணி போயிற்று. அத்தாயி உடனே எடுக்கவில்லை. அந்த வீட்டின் அலமாரியில் அது அடித்துக்கொண்டிருப்பதை மணியன் இங்கிருந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"நல்லாத்தான் அடிக்குதுங்க," என்றார் அத்தாயி எடுத்து. பிறகு, வைக்க மனமில்லாதவர் போல, "சாப்புட்டீங்களா சாமி?" என்று கேட்டார்.

இல்லை என்றார் மணியன். அது உண்மையல்ல. ஆனால் சாப்பிட்டேன் என்றால் பேச்சு அதோடு முடிந்துவிடும்.